ஒரு சதுர மீட்டர் சுதை, ஒரு ஹெக்டேர் மண்: காவிரி டெல்டாவில் அமில மழையின் கணக்கு

அமில மழை என்றதும் உருகி வழியும் பளிங்குச் சிலைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். டெல்டாவில் அப்படிப்பட்ட கல் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலும் தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் கருங்கல்லால் ஆனவை. குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் கலந்த அந்தக் கல்லை மழையில் உள்ள நீர்த்த அமிலம் கண்ணுக்குத் தெரியும் வேகத்தில் கரைப்பதில்லை. ஆனால் டெல்டாவில் சுண்ணாம்பு ஏராளமாக இருக்கிறது. கோபுரங்களின் செங்கல் தளங்களை மூடியிருக்கும் சுதை, பழைய சத்திரங்களின் காரை, தரங்கம்பாடிக் கோட்டையின் பூச்சு, பெரிய கோயில் விமானத்துக்குள் சோழர் ஓவியங்களைத் தாங்கும் சாந்து எல்லாம் வேதியியல்படி சுண்ணாம்புக்கல்தான். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு மறுபடி கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. ஆகவே அரியலூர்ச் சுரங்கத்துக் கல்லுக்குச் சொல்வது கோபுரத்துப் பதுமைக்கும் பொருந்தும். பதுமையில் நுண்துளைகள் அதிகம் என்பதால் அதன் நிலை இன்னும் மோசம்.

இந்த ஆய்வுக்கு இரண்டு அளவுகளை எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, கோபுரத்தில் வானம் பார்த்த ஒரு சதுர மீட்டர் சுதை. மற்றது, ஒரு ஹெக்டேர் நிலம். இரண்டின் மேலும் ஆண்டுக்கு 1000 மி.மீ. மழை பெய்வதாக வைத்துக்கொள்வோம். கீழே வரும் எண்களில் பல இப்படி நாமே வைத்துக்கொண்ட மாதிரி அளவுகள்தான். உள்ளூரில் அளந்த எண் கையில் இருந்தால் அதைப் போட்டு இதே கணக்கைத் திரும்பச் செய்யலாம்.

அமிலம் எங்கே பிறக்கிறது, எவ்வளவு தூரம் வருகிறது

மாசே இல்லாத மழையும் சற்று அமிலமானதுதான். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் அதன் பிஎச் ஏறத்தாழ 5.6 ஆக இருக்கும். அதற்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் கந்தக அமிலமோ நைட்ரிக் அமிலமோ சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

கந்தகம் எரிபொருளிலிருந்து வருகிறது. 1 சதவீதம் கந்தகம் உள்ள நிலக்கரியோ பழுப்பு நிலக்கரியோ ஒரு டன் எரிந்தால் 10 கிலோ கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து 20 கிலோ கந்தக டை ஆக்சைடாகப் புகைபோக்கியை விட்டு வெளியேறும். டீசல் இப்போது இந்தக் கணக்கில் பெரிய பங்காளி அல்ல. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 எரிபொருள் வந்த பிறகு அதில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்குள் அடங்கிவிட்டது. வண்டிகள் தருவது பெரும்பாலும் நைட்ரஜன் ஆக்சைடுகள்.

வெளியே வந்த கந்தக டை ஆக்சைடு உடனே அமிலமாகிவிடுவதில்லை. அதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. வெயில் நேரத்தில் காற்றிலுள்ள ஹைட்ராக்சில் தனியுறுப்பு அதைத் தாக்குகிறது; இது மெதுவான வழி, மணிக்கு 1 சதவீதம் என்ற அளவில்தான் நடக்கும். மேகத் துளிக்குள் கரைந்த வாயுவை ஹைட்ரஜன் பெராக்சைடும் ஓசோனும் ஆக்சிஜனேற்றுவது இரண்டாவது வழி. பெராக்சைடு கையிருப்பு இருக்கும்வரை இது சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

```
SO2 + OH → HSO3 ;  HSO3 + O2 → SO3 + HO2 ;  SO3 + H2O → H2SO4
HSO3⁻ + H2O2 → SO4²⁻ + H⁺ + H2O
NO2 + OH → HNO3
```

இந்த வேக வித்தியாசத்தை நம்மூர் வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பழுப்பு நிலக்கரி எரியும் நெய்வேலி, டெல்டாவின் வட விளிம்பில் இருக்கிறது. அங்கிருந்து நேர்கோட்டில் கும்பகோணம் சுமார் 65 கி.மீ. ஐப்பசி முதல் தை வரை வீசும் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகும் காற்று அந்தத் தூரத்தை நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக் கடக்கும். மேகம் இல்லாத நாளில் அதற்குள் அமிலமாக மாறியிருப்பது 5 சதவீதத்துக்குள்தான். மீதி கந்தக டை ஆக்சைடு வாயுவாகவே வந்து சேர்கிறது. அதாவது எரிப்பு மையத்திலிருந்து நூறு கி.மீ. சுற்றுக்குள் இருக்கும் சுவருக்கு முதலில் வருவது அமில மழை அல்ல, அமிலமாகப்போகும் வாயு. டெல்டாவில் சுதைக்கு என்ன ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் முக்கியம். மழையை மட்டும் அளக்கிறவர்கள் தவறவிடுவதும் இதைத்தான்.

மீட்டர் 6.5 காட்டினால்

டெல்டாவில் மழையைப் பிடித்துப் பிஎச் பார்த்தால் பல நேரம் 6-க்கு மேல் காட்டும். ‘அமிலமே இல்லை’ என்று முடித்துவிடத் தோன்றும். அந்த எண் சொல்வது எஞ்சிய அமிலத்தை மட்டுமே. அரியலூர், டால்மியாபுரம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் தூசியும் ரோட்டுப் புழுதியும் அமிலத்தின் ஒரு பங்கை வானத்திலேயே முறித்துவிடுகின்றன. வயலில் போடும் யூரியாவிலிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும் எழும் அம்மோனியா இன்னொரு பங்கை முறிக்கிறது. அமிலம் மறைந்தாலும் சல்பேட்டும் அம்மோனியமும் மழைநீரில் அப்படியே இருக்கின்றன. ஆகவே பிஎச்சோடு சல்பேட், நைட்ரேட், அம்மோனியம், கால்சியம், சோடியம் ஐந்தையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்க வேண்டும். சோடியம் எதற்கென்றால், கடல் தெறிப்பிலும் சல்பேட் உண்டு. கடல்நீரில் சோடியத்தின் எடையில் கால் பங்கு சல்பேட். மழை மாதிரியில் லிட்டருக்கு 4 மி.கி. சோடியமும் 3 மி.கி. சல்பேட்டும் இருந்தால், 1 மி.கி. கடலுடையது, 2 மி.கி. புகையுடையது. நாகப்பட்டினத்திலும் தரங்கம்பாடியிலும் இதைக் கழிக்காமல் விட்டால் கடலின் கணக்கைப் புகையின் தலையில் ஏற்றிவிடுவோம்.

மழையைப் பிடிப்பதிலும் தவறுகள் உண்டு. மொட்டைமாடித் தண்ணீரோ ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தண்ணீரோ உதவாது; சிமெண்டைத் தொட்ட நீர் 8-க்கு மேல் போய்விடும். திறந்து கிடக்கும் வாளியில் முந்தைய நாள் புழுதியும் பறவை எச்சமும் இருக்கும். காய்ச்சி வடித்த நீரில் கழுவிய பிளாஸ்டிக் பாத்திரத்தை, மழை தொடங்கும்போது திறந்து, நின்றதும் மூட வேண்டும். மழைநீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் சாதாரணப் பேனா மீட்டரில் எண் நிலைகொள்ளாமல் அலையும். பிஎச் 4, 7 என்று நிலையாக நிற்கும் இரண்டு தாங்கல் கரைசல்களிலும் சரிபார்த்து, மின்முனையை நன்றாக அலசி, எண் அசையாமல் நிற்கும்வரை சில நிமிடம் பொறுத்துத்தான் குறிக்க வேண்டும்.

பல மழைகளின் பிஎச்சைக் கூட்டி வகுப்பதும் தவறு. பிஎச் 4-இல் ஒரு மழையும் 6-இல் அதே அளவு இன்னொரு மழையும் பெய்தால் சராசரி 5 ஆகாது. ஹைட்ரஜன் அயனியை மழை அளவோடு பெருக்கிச் சராசரி எடுத்தால் 4.3 வரும்.

ஒரு சதுர மீட்டர் சுதைக்கு ஓர் ஆண்டில் நடப்பது

கோபுரத்தின் மேல் மூன்று வகை இழப்புகள் சேர்ந்து நடக்கின்றன. தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலாவது, மழையிலுள்ள அமிலம். பிஎச் 4.5 என்று கடுமையாகவே வைத்துக்கொண்டால் லிட்டருக்கு 0.000032 மோல் ஹைட்ரஜன் அயனி. ஒரு சதுர மீட்டரில் 1000 மி.மீ. என்பது 1000 லிட்டர். ஆக 0.032 மோல். ஒரு அயனிக்கு ஒரு கால்சியம் கார்பனேட் மூலக்கூறு கரைந்தால் இழப்பு 3.2 கிராம். இதே மழை தூசியால் முறிந்து பிஎச் 6-இல் பெய்தால் இழப்பு 0.1 கிராமாகச் சுருங்கிவிடும்.

இரண்டாவது, சுத்தமான மழையே செய்யும் கரைப்பு. காற்றோடு சமநிலையில் இருக்கும் நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 50 மி.கி. கால்சியம் கார்பனேட்டைக் கரைத்து வைத்துக்கொள்ளும். சுதையின் மேல் நீர் வழிந்து ஓடும் நேரம் குறைவு என்பதால் அதில் பத்தில் ஒரு பங்கு கரைவதாக வைத்தால் 5 கிராம். இதை யாரும் தடுக்க முடியாது. இராசராசன் காலத்திலும் இது நடந்தது.

மூன்றாவது, மழை இல்லாத நாட்களில் சுவரில் நேராகப் படியும் கந்தக டை ஆக்சைடு. காற்றில் கன மீட்டருக்கு 20 மைக்ரோகிராம் இருப்பதாகக் கொள்வோம். சூழல் உணர்திறன் மிக்க பகுதிகளுக்கு இந்தியத் தரநிலை அனுமதிக்கும் ஆண்டுச் சராசரியே அதுதான். மற்ற இடங்களுக்கு 50 வரை அனுமதி உண்டு. ஈரச் சுண்ணாம்பின் மேல் இந்த வாயு நொடிக்கு அரை செ.மீ. வேகத்தில் படிவதாக எடுத்தால் ஆண்டுக்கு 3.15 கிராம், அதாவது 0.049 மோல். அது 4.9 கிராம் கார்பனேட்டைத் தின்று 8.5 கிராம் ஜிப்சமாக மாற்றும்.

```
CaCO3 + SO2 + ½O2 + 2H2O → CaSO4·2H2O + CO2
```

தரநிலைக்குள் அடங்கிய காற்றே கடுமையான அமில மழையைவிடக் கூடுதலாக அரிக்கிறது. மழையின் பிஎச் நல்லபடியாக 6 காட்டும் ஊரில் முதல் இழப்பு காணாமல் போகும், மூன்றாவது அப்படியே நிற்கும்.

மூன்றையும் கூட்டினால் 13 கிராம். சுதையில் மணலே பெரும்பகுதி. ஒரு கன செ.மீ. சாந்தில் கார்பனேட் அரை கிராம் இருப்பதாகக் கொண்டால் இழப்பு ஆண்டுக்கு 26 மைக்ரான் ஆழம். ஒரு குடமுழுக்குக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள 12 ஆண்டுகளில் 0.3 மி.மீ. கேட்க அற்பமாக இருக்கும். ஸ்தபதி கரண்டி நுனியால் இழுத்த இமைக்கோடும் மாலையின் மணி வரிசையும் இருப்பது அந்தக் கனத்தில்தான்.

மூன்றாவது இழப்பு எந்த மாதத்தில் அதிகம் என்பதற்கும் விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. காய்ந்த சுண்ணாம்பு இந்த வாயுவை அதிகம் இழுப்பதில்லை. மேற்பரப்பில் ஈரம் வேண்டும். அடைமழையில் ஈரம் உண்டு, ஆனால் மழை காற்றையும் கழுவிவிடுகிறது. மார்கழி, தை, மாசி விடியற்காலைகளில் பனி இறங்கி, காற்று அசையாமல், புகை தாழ்வாகப் படுத்திருக்கும். மழை விட்டதும் செங்கல் சூளைகளும் எரியத் தொடங்கும். சுதையின் மேல் அப்போதிருக்கும் நீர் மெல்லிய ஏடு மட்டுமே. கரையும் அமிலம் கொஞ்சம்தான் என்றாலும் அதை நீர்க்கச் செய்யத் தண்ணீர் இல்லை. வெயில் ஏறி ஏடு வற்றும்போது செறிவு இன்னும் கூடுகிறது. புகைக்கரியிலுள்ள இரும்பும் மாங்கனீசும் ஆக்சிஜனேற்றத்தை முடுக்கிவிடுகின்றன.

கிட்டப் போய்ப் பார்த்தால்

கோபுரத்தில் ஏற வாய்ப்புக் கிடைத்தால் ஒரே பதுமையின் இரண்டு இடங்களை ஒப்பிட வேண்டும். மழை நேராக அடிக்கும் தோள் வெளுத்து, சொரசொரப்பாக, மணல் பருக்கள் துருத்திக்கொண்டு இருக்கும். ஜிப்சம் லிட்டருக்கு 2.4 கிராம் வரை கரையும் என்பதால், உருவான 8.5 கிராமையும் நாலு லிட்டர் தண்ணீர் கழுவிக்கொண்டு போய்விடும். ஆகவே அங்கே பொருக்கு இருக்காது, இழப்பு மட்டும் தெரியும். கொடுங்கையின் அடிப்புறம், அக்குள், மேல்தளத்தின் நிழல் விழும் இடுக்கு ஆகியவற்றுக்கு மழை எட்டுவதில்லை. அங்கே கறுப்பான மேலோடு கட்டியிருக்கும். விரல் கணுவால் தட்டினால் பொக்கென்று ஒலிக்கும். ஓர் ஓரத்தை நிமிண்டினால் வில்லையாக உரிந்து, பின்னால் மாவு போன்ற வெள்ளைத் தூள் கொட்டும். கார்பனேட் ஜிப்சமாகும்போது அதே கால்சியம் பிடித்துக்கொள்ளும் இடம் இரட்டிப்பாகிறது. நுண்துளைக்குள் அந்த இடம் இல்லாததால் சாந்து பிளந்து போகிறது.

எல்லா உப்பும் புகையால் வந்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். டெல்டாவில் நிலத்தடி ஈரம் சுவரேறுவது சகஜம். தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் பட்டையாகப் பூக்கும் உப்பு பெரும்பாலும் அந்த வகை. சிமெண்ட் ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றி மட்டும் பூத்தால், சிமெண்டில் கலந்திருக்கும் சல்பேட்டும் கார உப்புகளும்தான் காரணம். பிரித்தறிய ஆழம் பார்க்க வேண்டும். வெளிப்புற 2 மி.மீ., அடுத்த 5 மி.மீ., அதற்கும் உள்ளே என்று மூன்று அடுக்குகளாகச் சுரண்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கிராமை 500 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் நன்றாகக் கலக்கி வடிகட்ட வேண்டும். வடிநீரில் சில துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, பிறகு பேரியம் குளோரைடு விட்டால், சல்பேட் இருக்கும் அளவுக்கு வெள்ளையாகக் கலங்கும். வெளியடுக்கு மட்டும் கலங்கி உள்ளே தெளிவாக இருந்தால் சல்பேட் காற்றிலிருந்து வந்தது. உள்ளே போகப் போகவும் குறையாவிட்டால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. பேரியம் குளோரைடு நஞ்சு என்பதால் இதைக் கையுறையோடு ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும்.

பழுதுபார்க்கும்போது மிகுந்த கேடு செய்வது, கறுப்பைப் போக்க அமிலம் போட்டுக் கழுவுவது. கறுப்போடு சுதையும் போகும். அடுத்தது, ஜிப்சத்தை எடுக்காமல் அதன் மேலேயே செயற்கை வண்ணம் பூசுவது. ஈரம் வெளியேற முடியாமல் வண்ணத் தோலுக்குப் பின்னால் உப்பு படிகமாகி, இரண்டு மூன்று மழையில் தோல் முழுவதும் கொப்புளித்து உரியும். செய்ய வேண்டியது, காய்ச்சி வடித்த நீரில் ஊறிய காகிதக்கூழைப் பற்றுப் போட்டு உப்பை உறிஞ்சி எடுப்பது. கெட்டியான பொருக்குக்கு அம்மோனியம் கார்பனேட் கரைசலில் ஊறிய பற்று. அது ஜிப்சத்தைத் திரும்பக் கார்பனேட்டாக்குகிறது. விளைபொருளான அம்மோனியம் சல்பேட்டை நீர்ப்பற்றால் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். பிறகு சுண்ணாம்புச் சாந்தில்தான் ஒட்டு, சிமெண்டில் அல்ல.

ஒரு ஹெக்டேர் மண்ணில்

மண்ணின் கதை வேறு. பிஎச் 4.5 மழை 1000 மி.மீ. பெய்தால் ஒரு ஹெக்டேரில் விழுவது ஒரு கோடி லிட்டர், அதில் 316 மோல் அமிலம். முழுவதும் முறிக்கும்போது ஒரு கார்பனேட் இரண்டு ஹைட்ரஜன் அயனிகளை ஏற்கும் என்பதால் அதற்கு 16 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் போதும். பழைய டெல்டாவின் களிமண்ணில் ஒரு சதவீதம் கார்பனேட் இருந்தால்கூட மேல் 15 செ.மீ.யில் 22 டன் இருக்கிறது. பாசன நீரும் அமிலத்தை முறிக்கும்: லிட்டருக்கு 100 மி.கி. காரத்தன்மையுள்ள ஆற்று நீரை ஆண்டுக்கு 1000 மி.மீ. பாய்ச்சினால் ஒரு டன் சுண்ணாம்புக்கல்லுக்கு ஈடானது வயலுக்குள் வருகிறது. தண்ணீர் கட்டிய சம்பா வயலில் இன்னொன்றும் நடக்கிறது. ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிரிகள் மண்ணின் இரும்பு ஆக்சைடை ஒடுக்குகின்றன; அந்த வினையே ஹைட்ரஜன் அயனியைத் தின்கிறது. சில வாரங்களில் அமில மண்ணின் பிஎச்சும் 6.5, 7 என்று ஏறிவிடும். கும்பகோணம், மன்னார்குடி களிமண் வயல்காரர் அமில மழைக்குப் பயப்பட வேண்டியதில்லை.

பார்க்க வேண்டிய இடம் வல்லம், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் மேட்டு நிலம், அதிலும் ஆற்று நீர் ஏறாத முந்திரி, கடலை நிலம். அந்த மண்ணில் களி குறைவு, கார்பனேட் கிடையாது. சத்து அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அயனி மாற்றுத் திறன் கிலோவுக்கு 5 சென்டிமோலும், அதில் 60 சதவீதம் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியமும் இருப்பதாகக் கொண்டால் ஹெக்டேருக்கு 66,000 மோல் கையிருப்பு. மழை அமிலம் 316 மட்டுமே என்றால் இருநூறு ஆண்டுக்குத் தாங்கும்.

ஆனால் மீட்டர் மறைத்த அம்மோனியம் இங்கேதான் தன் வேலையைக் காட்டுகிறது. மழையில் லிட்டருக்கு 1 மி.கி. அம்மோனியம் இருந்தால் ஹெக்டேருக்கு 10 கிலோ, அதாவது 556 மோல். காற்றோட்டமான மண்ணில் பாக்டீரியா அதை நைட்ரேட்டாக்கும்போது ஒவ்வொன்றும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகளை விடுகிறது.

```
NH4⁺ + 2O2 → NO3⁻ + 2H⁺ + H2O
```

நைட்ரேட் கீழே கசிந்துபோனால் 1,100 மோல் அமிலம் மண்ணிலேயே தங்கும். பயிர் எடுத்துக்கொண்டால் பாதி ஈடாகும். பிஎச் 6.5 காட்டிய மழை, 4.5 காட்டிய மழையைவிட மண்ணைக் கூடுதலாகப் புளிக்க வைக்க முடியும்.

இதையும் விஞ்சுவது உரம். யூரியா வழியாக 100 கிலோ தழைச்சத்து போட்டால், கிலோவுக்கு 1.8 கிலோ சுண்ணாம்புக்கல் என்ற வழக்கமான கணக்கில் 180 கிலோ, அதாவது 3,600 மோல் அமிலம். செம்மண் புளித்துப்போனால் முதல் காரணமாக வானத்தைக் காட்டுவது சரியல்ல. உரம், கசிவு, அறுவடையோடு வெளியேறும் கால்சியம், கடைசியாக மழை என்ற வரிசையில்தான் பார்க்க வேண்டும்.

கேடு தெரியத் தொடங்குவது மண்ணின் பிஎச் 5-ஐ நெருங்கும்போது. களித்துகளில் கட்டுண்ட அலுமினியம் கரைசலுக்கு வந்து வேர் நுனியின் வளர்ச்சியை நிறுத்திவிடும். செடியைப் பிடுங்கினால் வேர் குட்டையாக, தடித்து, பக்க வேர் இல்லாமல் இருக்கும். மழை போதிய அளவு பெய்த பிறகும் பயிர் வாடும். மேல் மண் மட்டும் பரிசோதித்தால் இது தப்பிவிடலாம். 0–15 செ.மீ., 15–30 செ.மீ. என்று இரண்டு ஆழங்களில், கோடையில், உரமிடுவதற்கு முன் மாதிரி எடுக்க வேண்டும்.

இதற்கு ஜிப்சம் மருந்து என்று சிலர் நினைக்கிறார்கள். நிலக்கடலைக்கு 40–45 ஆம் நாளில் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைப்பது காய் திரளக் கால்சியமும் கந்தகமும் கொடுப்பதற்காக. அமிலத்தை முறிக்கும் கார்பனேட் அதில் இல்லை; போட்டபின் பிஎச் ஏறாது. மண் புளித்திருந்தால் வேண்டியது சுண்ணாம்புக்கல் தூளோ டோலமைட்டோ, ஆய்வகம் தாங்கல் கரைசல் முறையில் சொல்லும் அளவுக்கு, விதைப்புக்குச் சில வாரம் முன்பே மண்ணோடு கலந்து. செம்மணலில் அளவை மீறிப் போட்டால் பிஎச் விறுவிறுவென ஏறித் துத்தநாகமும் இரும்பும் பயிருக்குக் கிடைக்காமல் இளம் இலை வெளுக்கும்.